இரவு 2 மணிக்கு யாரைக் கூப்பிடுவார்?

*டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளர், அதற்கு முன் 11 வருஷம் மிஸி. எங்கள் ஆய்வு சர்க்கரை நோய் பற்றியது. மெட்ஃபார்மின் சாப்பிடும் 80 பேரில் பாதிப் பேருக்கு டாபாகிளிஃப்ளோசின், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை, 24 வாரம். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. 6 முறை வரவேண்டும், ஒவ்வொரு முறையும் 15 மில்லி ரத்தம், 40 வெள்ளி. நெறிமுறைக் குழு எங்களை நேரில் வந்து 10 நிமிடம் ஆபத்து, சம்மதம், பாதுகாப்பு பற்றிச் சொல்லச் சொல்லியிருக்கிறது. பெரிய டாக்டர் வெளியூரில் இருப்பதால் இளைய ஆய்வு மருத்துவரோடு நான்தான் பேச வேண்டும். மருந்து ஏற்கெனவே பதிவானது, சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவிப்பு மட்டும் போதும் என்பதால் ஆபத்து மிகக் குறைவு என்று சொல்ல இருக்கிறேன். முன்னோட்டத்தில் 30 பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தமிழ்ப் படிவம் தயார். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கூட வரும் மகனோ மகளோ விளக்கி, சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். குழு 'விரதம் இருப்பவர்களை என்ன செய்வீர்கள்?' என்று தனியாகக் கேட்டிருக்கிறது. அவர்களைச் சேர்க்காமல் விட்டால் பிரச்சினை தீர்ந்ததா? 32 ஸ்லைடு வைத்திருக்கிறேன். சரியா? – ஈசூனிலிருந்து ஒரு வாசகி*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 32 ஸ்லைடுகளில் 28-ஐ எடுத்துவிடுங்கள். ஆய்வுத் திட்டத்தைக் குழு ஏற்கெனவே படித்துவிட்டது. படித்த பிறகும் நேரில் வரச் சொல்கிறார்கள் என்றால், தாளில் கிடைக்காத ஏதோ ஒன்று அவர்களுக்குத் தேவைப்படுகிறது. அந்த மேசையைச் சுற்றி மருத்துவர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். அறிவியல் துறை சாராத ஒருவராவது இருக்க வேண்டும், நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவராவது இருக்க வேண்டும் என்பது சர்வதேச நன்மருத்துவ ஆய்வு நெறி. நீங்கள் முக்கியமாகப் பேச வேண்டியது அவர்களிடம்தான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருஷம் முன் ஒரு குழுவின் முன் நின்று, புள்ளிவிவரமெல்லாம் சொல்லி முடித்து, பெருமையோடு உட்கார்ந்தேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். "டாக்டர், அந்த அம்மாவுக்கு ராத்திரி 2 மணிக்கு வாந்தி வந்தால் யாரைக் கூப்பிடுவார்?" என்று கேட்டார். படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதில் இருந்தது என் அலுவலக எண். மாலை ஆறுக்கு மேல் அங்கே மணி அடிக்கும், எடுக்க ஆளிருக்காது. அனுமதி தள்ளிப்போனது. பிற்பாடு நானே இப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்தபோது, வருகிற எல்லோரிடமும் அந்த அம்மாவின் கேள்வியைத்தான் கேட்டேன்.

'பதிவான மருந்து' என்பதும் 'குறைந்த ஆபத்து' என்பதும்

உங்கள் மருந்து இங்கே பதிவானது, அனுமதிக்கப்பட்ட நோய்க்கே கொடுக்கிறீர்கள். அதனால்தான் ஆணையத்துக்கு அறிவிப்பு போதுமானதாக இருக்கிறது. மருந்தைப் பற்றி ஆணையத்துக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதைத்தான் அது காட்டுகிறது. நெறிமுறைக் குழு கேட்பது வேறு: இந்த ஆய்வில் சேராமல் இருந்தால் இந்த அம்மாவுக்கு நடக்காத எது, சேர்வதால் நடக்கும்? அந்த வித்தியாசம்தான் ஆய்வின் ஆபத்து.

அப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியல் மாறும். ரத்தம் எடுப்பது சிறிய விஷயம். ஆறு தடவையும் சேர்த்து 90 மில்லி, அதாவது 18 தேக்கரண்டி. ரத்த தானம் செய்பவர் ஒரே தடவையில் 350 மில்லியாவது கொடுக்கிறார். இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லி நகருங்கள். நேரம் கேட்பது மற்ற இரண்டும். ஒன்று, மருந்தில்லாத மாத்திரை கிடைக்கும் 40 பேர். இவர்களுடைய சர்க்கரை ஏற்கெனவே கட்டுக்குள் இல்லை, ஆய்வு இல்லாவிட்டால் அவர்களுடைய மருத்துவர் இன்னொரு மருந்தைச் சேர்த்திருப்பார். 24 வாரம் அந்த மருந்தைத் தள்ளிப்போடுகிறீர்கள். சர்க்கரை எந்த அளவைத் தாண்டினால் காத்திருக்காமல் வேறு மருந்து கொடுப்பீர்கள் என்ற எண் உங்கள் திட்டத்தில் இருக்கும். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதை யார் பார்ப்பார், எத்தனை நாளுக்குள் பார்ப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று கீட்டோன் அமிலத் தேக்கம். இந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. சாப்பாடு குறையும்போது, வாந்தி பேதி வரும்போது, உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்து கீட்டோன்கள் என்ற அமிலங்கள் ரத்தத்தில் சேர்கின்றன. வழக்கமாக இந்த நிலையில் ரத்தச் சர்க்கரை எகிறும், அதைப் பார்த்து உஷாராவோம். இங்கேயோ சர்க்கரை சிறுநீரில் போய்க்கொண்டே இருப்பதால், விரல் நுனியில் குத்திப் பார்த்தால் எண் சாதாரணமாகவே காட்டலாம். அதனால் அந்த அம்மாவும் ஏமாறுவார், மருத்துவரும் ஏமாறுவார்.

இது அரிது. இந்த மருந்தைப் பற்றி 2019-இல் வெளியான, 17,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வில், நான்கு வருஷத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் மருந்து எடுத்தவர்களில் 0.3 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 0.1 சதவீதம் பேருக்கும் இது வந்தது. இந்த எண்ணைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கூடவே ஒரு வாக்கியம்: பொதுவான நோயாளிகளின் எண் இது, ஒருவேளைச் சாப்பாட்டில் இருப்பவருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

30 பேரில் பூஜ்யம்

"ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்ற வாக்கியத்தை வெட்டிவிடுங்கள். குழுவில் புள்ளியியல் தெரிந்த ஒருவர் இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஒரு பாதிப்பு ஒருவருக்கும் வரவில்லை என்றால், 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுங்கள். உண்மையான விகிதம் அந்த அளவு வரைகூட இருக்கலாம் என்று பொருள். 3-ஐ 30-ஆல் வகுத்தால் பத்தில் ஒன்று. நிஜத்தில் பத்துப் பேருக்கு ஒருவர் பாதிக்கப்படும் மருந்தாக இருந்தாலும், 30 பேரில் ஒருவர்கூட சிக்காமல் போக சுமார் 4 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆயிரத்தில் சிலருக்கு வரும் பாதிப்பைப் பற்றி 30 பேர் ஒன்றுமே சொல்ல முடியாது. "முன்னோட்டம் எங்களுக்கு மாத்திரை விழுங்குவதிலும் வருகை நாட்களிலும் சிக்கல் இல்லை என்று காட்டியது, அரிய பாதிப்பைப் பற்றி அது எதுவும் காட்டவில்லை" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

ஒரு சனிக்கிழமை இரவு

பார்வதி அம்மா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். 62 வயது, உங்கள் ஈசூனிலேயே இருக்கிறார். ஆய்வில் ஒன்பதாவது வாரம். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல், ஒருவேளைதான் சாப்பாடு. சனிக்கிழமை மாலையிலிருந்து வயிற்று வலி. இரவு 11-க்கு வாந்தி. மருமகள் விரலில் குத்திப் பார்க்கிறார்: 9.4. "சர்க்கரை நல்லாத்தானே இருக்கு, படுங்க அத்தை" என்கிறார். 2 மணிக்கு மூச்சு வேகமாக வாங்குகிறது.

உங்கள் பாதுகாப்பு ஏற்பாடுகளை இந்த இரவில் ஓடவிட்டுப் பாருங்கள். அம்மாவிடம் ஒரு அட்டை இருக்கிறதா? பணப்பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகும் அளவில், தமிழிலும் ஆங்கிலத்திலும்? 11 மணிக்கு மருமகள் செய்ய வேண்டியது அதில் இருக்க வேண்டும்: வாந்தி வந்தால், சாப்பிட முடியாவிட்டால் ஆய்வு மாத்திரையை நிறுத்துங்கள், சர்க்கரை சரியாக இருந்தாலும் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள், மூச்சு வாங்கினால் 995. மறுபக்கம் அவசரப் பிரிவு மருத்துவருக்கு: இவர் டாபாகிளிஃப்ளோசின் எடுத்துக்கொண்டிருக்கலாம், சர்க்கரை அளவைப் பார்த்து விட்டுவிடாமல் ரத்தக் கீட்டோன் பாருங்கள். கீட்டோன் 3-ஐத் தாண்டினால் ஆபத்து என்று அந்த மருத்துவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது, இந்த அம்மா ஆய்வில் இருக்கிறார் என்பது.

இங்கே குழு கட்டாயம் கேட்கும் கேள்வி, எந்த மாத்திரை என்ற ரகசியத்தை நள்ளிரவில் யார் உடைப்பார்கள் என்பது. 24 மணி நேரமும் அந்த வழி திறந்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் உடைக்கத் தேவையிருக்காது. மருந்து எடுத்தவர் என்றே வைத்துக்கொண்டு சிகிச்சை செய்தால் அம்மாவுக்கு நஷ்டமில்லை. 'உடைக்காமலே சிகிச்சை தொடங்கும், தேவைப்பட்டால் உடைக்க முடியும்' என்று இரண்டையும் சொன்னால் குழு நிம்மதியாகும். இன்னொரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. இந்த மருந்து எடுப்பவரின் சிறுநீரைச் சாதாரணப் பட்டையில் நனைத்தாலே சர்க்கரை காட்டும், ரகசியம் தானாக உடைந்துவிடும். அந்தச் சோதனை முடிவை ஆய்வுக் குழுவின் கண்ணில் படாமல் எப்படி வைப்பீர்கள் என்றும் யோசித்து வையுங்கள்.

மருத்துவமனையில் சேர்த்த செலவு யாருடையது என்பதையும் அவர்கள் கேட்பதற்கு முன் சொல்லுங்கள். ஆய்வால் வந்த பாதிப்பு என்றால் அம்மாவின் மெடிசேவில் கை வைக்க மாட்டீர்கள் என்பது படிவத்தில் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறதா? 'தகுந்த உதவி வழங்கப்படும்' என்ற மாதிரி வழவழப்பான வாக்கியம் இருந்தால், கூட்டத்துக்கு முன்பே மாற்றி எழுதுங்கள்.

விரதம்

விரதம் இருப்பவர்களை ஒதுக்கினால் கூட்டம் சுலபமாக முடியும். ஆனால் ஆய்வு முடிந்து மருந்து பாலிகிளினிக்கில் கொடுக்கப்படும்போது, விரதம் இருப்பவர்களும்தானே சாப்பிடப் போகிறார்கள்? அவர்களுக்கு என்ன ஆகும் என்று தெரியாமலே கொடுப்போம். தவிர, ஒதுக்குவது தாளில்தான் நடக்கும். சேரும்போது "விரதம் இல்லை" என்பவர் மூன்றாவது மாதத்தில் மாலை போட்டுக்கொள்வார்.

ஆகவே என் யோசனை: சேர்த்துக்கொள்ளுங்கள், நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் ஆள் சேர்த்தால், 24 வாரத்துக்குள் கந்த சஷ்டியின் ஆறு நாள், ஐயப்ப பக்தர்களின் 41 நாள், தைப்பூச விரதம் எல்லாம் வந்துவிடும். தமிழ் முஸ்லிம்களுக்கு ரமலான் எந்த வாரத்தில் விழுகிறது என்றும் பாருங்கள். முழு உபவாசம் என்றால் சில நாள் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டும், ஏனென்றால் மருந்தின் வேலை உடனே ஓய்வதில்லை. அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன் நிறுத்தச் சொல்வது வழக்கம், அதையே அளவுகோலாக எடுக்கலாம். ஒருவேளைச் சாப்பாடு, ரமலான் நோன்பு போன்றவற்றுக்கு ஆய்வு மருத்துவர் ஆளைப் பார்த்து முடிவு செய்யட்டும். நாட்கள் விட்டுப்போவதால் ஆய்வின் கணக்கு கொஞ்சம் பலவீனப்படும். அந்த விலையைக் கொடுக்கத் தயார் என்று உங்கள் பெரிய டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்.

கேட்கும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. "ஃபாஸ்டிங் இருக்கீங்களா?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் "ஆமாம்மா, நேத்து ராத்திரி எட்டு மணியிலேர்ந்து" என்பார்கள். அவர்களுக்கு அந்தச் சொல் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வருவதைக் குறிக்கும். "நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீங்க? இந்த மாசம் சாமிக்கு ஏதாவது வேண்டுதல் இருக்கா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு வருகையிலும் கேட்பதற்கான தாளில் இதே சொற்களை அச்சடியுங்கள்.

சம்மதம்: யார் சொன்னார், யார் கேட்டார்

உங்கள் திட்டத்தில் எனக்கு அதிகம் உறுத்துவது மகன் விஷயம்தான். மகன் நல்லவர், அம்மா மேல் பாசம் உள்ளவர். அதனாலேயே அவர் வடிகட்டுவார். நீங்கள் ஐந்து நிமிடம் பக்க விளைவுகளைச் சொன்னால், அவர் திரும்பி "ஒண்ணும் பயமில்லையாம்மா, கையெழுத்து போடு" என்பார். மொழிபெயர்ப்பவரும் அவரே, சாட்சியும் அவரே என்றால், அம்மா எதைக் கேட்டார் என்று சொல்ல மூன்றாவது ஆள் அந்த அறையில் இல்லை.

படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத, ஆய்வுக்காரர்களின் செல்வாக்குக்கு உட்படாத ஒரு சாட்சி முழு உரையாடலிலும் இருக்க வேண்டும். கடைசியில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினால் அது சாட்சி ஆகாது. நீங்கள் சாட்சியாக முடியாது. வேறு பிரிவில் வேலை செய்யும், தமிழ் தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். மகன் பக்கத்தில் உட்காரட்டும், கேள்வி கேட்கட்டும். இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும்: எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காக அம்மாவுக்குப் பதில் மகன் சம்மதம் தர முடியாது. அம்மாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரை முடிவு அவருடையது. கையெழுத்து வராவிட்டால் கைரேகை.

வழக்கமாகச் சிகிச்சை தரும் மருத்துவரே சம்மதமும் கேட்டால், "வேண்டாம்னா டாக்டர் கோவிச்சுக்குவாரோ" என்று பெரியவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அவர் அறிமுகம் மட்டும் செய்யட்டும், வேறு ஆய்வு மருத்துவர் விளக்கட்டும், படிவம் வீட்டுக்குப் போய்வரட்டும்.

தமிழ்ப் படிவத்தை ஒருமுறை உரக்கப் படியுங்கள். உங்கள் கடிதத்தில் இருப்பதுபோல் 'போலி மாத்திரை' என்று அதிலும் இருந்தால் மாற்றுங்கள். தேக்காவில் காய்கறி வாங்கும் அம்மாவுக்குப் 'போலி' என்றால் கள்ளச் சரக்கு. 'மருந்து இல்லாத மாத்திரை' என்றால் விஷயம் முடிந்தது. 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு' என்பதற்குப் பதிலாக 'காசு சுண்டிப் போடுவது போல, உங்களுக்கு எது என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்க முடியாது' என்று எழுதலாம். அப்புறம் கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி: உங்களுக்கு எந்த மாத்திரை கிடைக்கும்? நடுவில் வேண்டாம் என்றால் என்ன ஆகும்? வாந்தி வந்தால் என்ன செய்வீர்கள்? முதல் கேள்விக்கு "டாக்டர் எனக்கு நல்லதாப் பார்த்துக் கொடுப்பார்" என்று பதில் வந்தால் அன்று கையெழுத்து வேண்டாம், மறுபடி விளக்குங்கள். இந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது நம்பிக்கையின் பதில், புரிந்துகொண்ட பதில் அல்ல.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு வருகைக்கு 40 வெள்ளி என்பது போக்குவரத்துக்கும் அரை நாளுக்கும் நியாயம். அந்தந்த வருகையிலேயே கொடுத்துவிடுங்கள். கடைசியில் மொத்தமாக 240 என்றால், நடுவில் விலக நினைப்பவரை அது பிடித்து வைக்கும். மீதி ரத்தத்தைப் பிற்கால ஆய்வுக்குச் சேமிக்கும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும், அதற்கு மறுத்தவரும் இந்த ஆய்வில் சேரலாம். மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம், 2015 வருவது இந்தச் சேமிப்பில்தான். மருந்துச் சோதனைக்கான விதிமுறைகள் தனி, இரண்டையும் பேச்சில் கலக்காதீர்கள்.

ஆக, 10 நிமிடத்தில் ஒரு நிமிடம் ஆய்வு என்ன என்பதற்கு. பிறகு நேராகப் பார்வதி அம்மாவின் சனிக்கிழமைக்குப் போய்விடுங்கள், நான்கு நிமிடம். மூன்று நிமிடம் சம்மதம், மீதி விரதம். மருத்துவக் கேள்வி வந்தால் இளைய மருத்துவர் பதில் சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எந்தத் தேதிக்குள் எழுதித் தருவீர்கள் என்று சொல்லுங்கள். கேள்விகள் முடிந்ததும் உங்களை வெளியே போகச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், விவாதத்திலும் வாக்களிப்பிலும் ஆய்வாளர்கள் இருக்கக் கூடாது என்பது விதி.

கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை இரவு 2 மணிக்கு, அந்த அட்டையில் போடப்போகும் எண்ணை உங்கள் கைப்பேசியிலிருந்து ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். யார் எடுத்தார், எத்தனை மணி அடித்த பிறகு எடுத்தார், தமிழில் பேசினால் புரிந்துகொண்டாரா என்று குறித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.